ஆறாவது ஸ்வரம் எது?



இசையைப் பற்றி எதையாவது வெளியிட்டால் எங்களுக்கு இரண்டு விதமான கடிதங்கள் வரும். "இவ்வளவு நுணுக்கமாக எழுதினால் எங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். "மேலோட்டமாக முடித்துவிட்டீர்களே" என்று மீதிப் பேர் கோபிப்பார்கள். போன இதழுக்குப் பிறகு வந்த கட்டில் மூன்றாவது விதமாக ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் ஒரு தாய். மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். "டோரியன், ஏயோலியன் என்று இரண்டு வரிசைகளை வாசித்துக் காட்டுகிறாள். இரண்டுமே எனக்குச் சோகமாகத்தான் கேட்கிறது. ஒரே ஒரு கட்டைதான் வித்தியாசம் என்கிறாள். அந்த ஒரு கட்டைக்கு இரண்டு பெயர் எதற்கு? அதைக் காதால் கண்டுபிடிக்க முடியுமா, இல்லை பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதுதானா?" என்று கேட்டிருந்தார்.

காதால் கண்டுபிடிக்க முடியும். இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். வீட்டில் கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கும் கீபோர்டு செயலியே போதும்.

டி என்ற வெள்ளைக் கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு, கறுப்பைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக மேல் டி வரை வாசியுங்கள். மேற்கத்திய இசையில் இதுதான் டோரியன். இப்போது மறுபடியும் வாசியுங்கள். எல்லாம் அதேதான். ஆறாவதாக வரும் பி என்ற வெள்ளைக் கட்டைக்குப் பதிலாக, அதற்கு இடப்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையை, அதாவது பி ஃபிளாட்டை, அழுத்துங்கள். இது ஏயோலியன். சட்ஜம் முதல் பஞ்சமம் வரை இரண்டும் ஒன்றே. நிஷாதமும் ஒன்றே. மாறியது தைவதம் மட்டும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் இதற்குள் யோசித்திருப்பீர்கள். ஸ்வரஸ்தானங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் வரிசை 22ஆவது மேளமான கரஹரப்ரியா, இரண்டாவது 20ஆவது மேளமான நடபைரவி. ஒன்றில் சதுச்ருதி தைவதம், மற்றதில் சுத்த தைவதம். இதைச் சொன்னதுமே, டோரியனும் கரஹரப்ரியாவும் ஒன்று என்று நான் எழுதியதாக யாரும் கடிதம் போட்டுவிடாதீர்கள். கரஹரப்ரியாவின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். டோரியனின் காந்தாரம் கட்டையை அழுத்திய இடத்திலேயே நிற்கும். படிக்கட்டு ஒன்று, ஏறி இறங்கும் நடை வேறு. இந்தப் பக்கத்தில் நான் கரஹரப்ரியா, நடபைரவி என்று சொல்வதெல்லாம் படிக்கட்டை மட்டும் குறித்துத்தான்.

இனி அந்தத் தைவதத்துக்கு வருவோம். வரிசையை மேலும் கீழுமாக ஓட்டினால் காது ஏமாந்துபோகும். ஏழில் ஒன்று மாறியது என்பது வேகத்தில் தெரியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். இடது கையால் கீழ் டியையும் அதற்கு மேலுள்ள ஏ கட்டையையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து சுருதிப் பெட்டியைப்போல ஒலித்துக்கொண்டிருக்கட்டும். வலது கையால் பஞ்சமத்தை வாசித்து, தைவதத்துக்குப் போய், மறுபடி பஞ்சமத்துக்கே திரும்புங்கள். ப, த, ப. அவ்வளவுதான். முதலில் வெள்ளைக் கட்டையில், பிறகு கறுப்புக் கட்டையில். கூடவே வாய்விட்டுப் பாடினால் இன்னும் நல்லது. ஒரு ஸ்வரத்திலிருந்து இறங்கத் தொண்டை எவ்வளவு இளக வேண்டியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாது, தொண்டைக்குத் தெரியும்.

கறுப்புக் கட்டையில் என்ன நடக்கிறது? சுத்த தைவதம் பஞ்சமத்துக்கு மிக அருகில், அரை ஸ்வர தூரத்தில் இருக்கிறது. அதில் நின்றால் நிலைகொள்ளாது. கீழே பஞ்சமத்தில் இறங்கினால்தான் மூச்சு விட முடியும்போல இருக்கும். வெள்ளைக் கட்டையில் அந்த நெருக்கம் இல்லை. சதுச்ருதி தைவதம் பஞ்சமத்திலிருந்து ஒரு முழு ஸ்வரம் தள்ளி இருக்கிறது. அங்கே நிற்கலாம், மேலே நிஷாதத்துக்கும் போகலாம், கீழே பஞ்சமத்துக்கும் வரலாம். அவசரம் இல்லை.

கணக்கில் பார்க்க விரும்புகிறவர்களுக்காக ஒரே ஒரு கணக்கு. சட்ஜம் நொடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொண்டால் சுத்தமான சுருதியில் பஞ்சமம் 360. சுத்த தைவதம் 384, சதுச்ருதி தைவதம் 400. கீபோர்டில் இந்த எண்கள் சற்று முன்பின்னாக இருக்கும். நாம் தேடுகிற இரண்டு உணர்வுகளும் 384க்கும் 400க்கும் நடுவிலுள்ள அந்தச் சிறிய இடைவெளியில்தான் பிரிகின்றன.

இந்த "த, ப" என்ற இரண்டு ஸ்வர இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்ற இரண்டு இசைகளைக் கேட்கலாம். முதலாவது மோட்சார்ட் 1788இல் எழுதிய 40ஆவது சிம்பொனி. ஜி மைனரில் அமைந்தது. அதன் தொடக்கத்தில் வயலின்கள் வாசிப்பதைப் பலரும் கைப்பேசி மணியாகக் கேட்டிருப்பீர்கள். இ ஃபிளாட்டிலிருந்து டிக்கு இறங்குவதை மூன்று முறை சொல்லிவிட்டு மேலே தாவும். ஜியைச் சட்ஜமாகக் கொண்டால் அது த-ப-ப, த-ப-ப, த-ப-ப. சுத்த தைவதம் பஞ்சமத்தின்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பதற்றம் பாதிக்குமேல் இந்த அரை ஸ்வர இறக்கத்திலிருந்து வருவது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த சிம்பொனி முழுவதும் ஏயோலியன் அல்ல. மோட்சார்ட் காலத்து வழக்கப்படி நிஷாதம் பல இடங்களில் உயர்ந்து வரும். நமக்கு வேண்டியது தொடக்கத்திலுள்ள அந்த இறக்கம் மட்டும்.

இரண்டாவது, ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "ஸோ வாட்". 1959இல் வந்த "கைண்ட் ஆஃப் ப்ளூ" ஆல்பத்தின் முதல் பாடல். பால் சேம்பர்ஸ் பாஸில் ஒரு கேள்வி கேட்பதுபோல வாசிப்பார். அதற்குப் பதிலாகப் பியானோவில் பில் எவன்ஸ் இரண்டு கார்டுகளைப் போடுவார். இந்த இரண்டு கார்டுகளுக்கு இசைக்காரர்களிடையே "ஸோ வாட் கார்டு" என்றே பெயர். முதல் கார்டு கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி, பி. இரண்டாவது டி, ஜி, சி, எஃப், ஏ. ஐந்து ஸ்வரங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முழு ஸ்வரம் கீழே இறங்குகின்றன. மேலே தெளிவாகக் கேட்கிற ஸ்வரம் எது என்று பாருங்கள். பியிலிருந்து ஏக்கு வருகிறது. சட்ஜம் டி. ஆக இதுவும் த, ப. ஆனால் சதுச்ருதி தைவதம்.

மோட்சார்ட்டிடம் பதற்றமாக இருந்த அதே இறக்கம் இங்கே தோளைக் குலுக்கி விட்டுவிடுவதுபோலக் கேட்கிறது. சோகம் இல்லாமல் இல்லை. காந்தாரம் மைனருக்குரிய சாதாரண காந்தாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் அழவில்லை. இப்போது அந்த முதல் கார்டின் உச்சியிலுள்ள பியை மட்டும் பி ஃபிளாட் ஆக்கி வாசித்துப் பாருங்கள். இரண்டாவது கார்டை மாற்ற வேண்டாம். அந்த அலட்சியம் உடனே போய்விடும். கார்டு சிணுங்கத் தொடங்கும். டோரியனின் குணம் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்து, கார்டுகளை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கேட்க ஒரு பாட்டு. ஆங்கில நாட்டுப்பாடலான "ஸ்கார்பரோ ஃபேர்". 1966இல் சைமன், கார்ஃபங்கல் இருவரும் பாடி உலகம் முழுவதும் பரவியது. இந்த மெட்டில் எனக்குப் பிடித்தது, நாம் தேடுகிற தைவதம் ஒரு சரணத்துக்கு ஒரே ஒருமுறைதான் வருகிறது என்பது. முதல் வரி சட்ஜத்தில் தொடங்கிப் பஞ்சமத்துக்குத் தாவி, ரிஷபமும் காந்தாரமும் தொட்டுச் சட்ஜத்துக்கே திரும்பிவிடும். அதுவரை இது டோரியனா ஏயோலியனா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு மூலிகைகளின் பெயர்களை அடுக்குகிற இரண்டாவது வரியில் பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜம் வரை போய்த் திரும்பி வரும்போது, ப-நி-ஸ-நி-ப என்று இறங்கியபின், த-ம-ப என்று முடியும். மூன்றாவது மூலிகையின் பெயர் முடிகிற அசையில் அந்தச் சதுச்ருதி தைவதம் வருகிறது. அதற்குப் பிறகு மூன்றாம், நான்காம் வரிகளில் தைவதமே கிடையாது.

ஒருமுறை வந்தாலும் அது வந்த பிறகு பாட்டு வேறாகிவிடுகிறது. டியைச் சட்ஜமாக வைத்து, கீபோர்டில் அந்த வரியை மட்டும் வாசியுங்கள்: ஏ, சி, மேல் டி, சி, ஏ, பி, ஜி, ஏ. பிறகு பிக்குப் பதில் பி ஃபிளாட் போட்டு வாசியுங்கள். இரண்டாவதும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இன்னும் உருக்கமாகக்கூட இருக்கும். ஆனால் அந்தப் பழைய, எங்கோ தூரத்திலிருந்து வருகிற தன்மை போய், நம் காலத்து மெலடிப் பாட்டு ஒன்றின் வரிபோல ஆகிவிடும். அந்தப் பழைய தன்மைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பின்னாளைய ஐரோப்பிய மைனரில் பஞ்சமத்தை ஒட்டி இறங்கும்போது தைவதம் பெரும்பாலும் தாழ்ந்தே வரும். உயர்ந்த தைவதம் அப்படி இயல்பாக வந்தால், கேட்பவர் காது அதைப் பழைய தேவாலய இசையோடும் நாட்டுப்பாடலோடும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது மனநிலையில் ஒரு பங்கு ஸ்வரத்தில் இருக்கிறது, ஒரு பங்கு நம் கேள்விப் பழக்கத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு தைவதங்களுக்கும் இடையிலான இழுபறி இன்று நேற்று வந்ததல்ல. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயப் பாடகர்கள் டோரியனைப் பாடும்போது, பஞ்சமத்துக்கு மேலே தைவதத்தைத் தொட்டுவிட்டு உடனே திரும்புகிற இடங்களில் அதைத் தாழ்த்திப் பாடுவது வழக்கம். ஏட்டில் எழுதியிருக்காது, பாடுகிறவருக்குத் தெரியும். எழுதியது டோரியன், காதில் விழுந்தது கிட்டத்தட்ட ஏயோலியன். ஸ்விஸ் அறிஞர் கிளாரியனஸ் 1547இல் வெளியிட்ட "டோடெகாகார்டன்" நூலில்தான், அதுவரை எட்டாக இருந்த, மோடுகள் என்னும் இந்த வரிசைகளைப் பன்னிரண்டாக்கி, ஏயோலியனுக்குத் தனி இடம் கொடுத்தார்.

கார்டுகளோடு வரும் பாட்டுகளில் வேலை இன்னும் எளிது. தைவதம் மெட்டில் வராவிட்டாலும் கார்டில் ஒளிந்திருக்கும். மத்யமத்தின்மேல் கட்டுகிற கார்டைக் கவனித்தால் போதும். டி சட்ஜமானால் மத்யமம் ஜி. ஜி, பி, டி சேர்ந்தால் மேஜர் கார்டு. பி தாழ்ந்துவிட்டால் அதே கார்டு மைனர். டோரியனில் மைனர் பாட்டுக்கு நடுவே ஒரு மேஜர் கார்டு வந்து வெளிச்சம் போடுவது இதனால்தான். சாண்டானாவின் 1970ஆம் ஆண்டு "ஓயே கோமோ வா" சட்ஜத்தின் மைனர் கார்டையும் மத்யமத்தின் மேஜர் கார்டையும் மாற்றி மாற்றிப் போட்டே கூட்டத்தை ஆட வைக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு பாப் டிலன் 1967இல் வெளியிட்ட "ஆல் அலாங் தி வாட்ச்டவர்" பாட்டைக் கேளுங்கள். சட்ஜம், நிஷாதம், சுத்த தைவதம் என்று கார்டுகள் இறங்கி, மறுபடி நிஷாதம் வழியாக ஏறி, விடாமல் சுற்றுகின்றன. தாழ்ந்த தைவதமே கார்டின் அடித்தளமாக நிற்பதால் ஏதோ நடக்கப்போகிறது என்ற கனம் பாட்டு முழுவதும் நீங்குவதில்லை.

இரண்டையும் ஒரே பாட்டில் கேட்க வேண்டுமானால் பீட்டில்ஸின் "எலினார் ரிக்பி", 1966. கிட்டாரோ டிரம்ஸோ கிடையாது. எட்டுத் தந்தி வாத்தியங்கள் மட்டும். இ சட்ஜம். சரணத்தில் பாடகரின் மெட்டில் உயர்ந்த தைவதம் வருகிறது. பிறகு தனிமையில் வாடும் மனிதர்களைப் பற்றிக் கேள்வி கேட்கிற பகுதியில் வயோலாவைத் தேடிப் பிடியுங்கள். நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று அரை அரை ஸ்வரமாக இறங்கி வரும். டோரியன் கண் முன்னாலேயே ஏயோலியனாக மாறுகிறது. கேள்வி பாதி தாண்டியபின் தைவதம் தாழ்கிறது, அது முடிகிற இடத்தில் பஞ்சமம் வந்து சேர்கிறது. ஹெட்போன் வைத்துக் கேளுங்கள்.

நம்மிடம் இதற்கு இணையாக ஒன்று இருக்கிறது, அதுவும் கச்சேரிகளில் அடிக்கடி காதில் விழுவது. பைரவி ராகம். 20ஆவது மேளத்தின் ஜன்யமாகச் சொல்லப்படும் இந்த ராகத்தில் ஏறும்போது ப-த-நி-ஸ என்ற இடத்தில் சதுச்ருதி தைவதம் வரும். இறங்கும்போது ஸ-நி-த-ப என்ற இடத்தில் சுத்த தைவதம். பச்சிமிரியம் ஆதியப்பையரின் "விரிபோணி" வர்ணத்தைக் கேட்கும்போது தைவதத்தை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். நிஷாதத்தை நோக்கிப் போகிற தைவதம் உயர்கிறது, பஞ்சமத்தை நோக்கி வருகிற தைவதம் தாழ்கிறது. மேற்கத்திய மெலாடிக் மைனரிலும் ஏறும்போது தைவதம் உயரும், இறங்கும்போது தாழும். ஒருவரை ஒருவர் பார்த்து இதைச் செய்யவில்லை. போகிற இடத்துக்கு அருகில் ஸ்வரத்தை நகர்த்துவது தொண்டையின் இயல்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பைரவியின் கனத்துக்கு கமகங்கள் முக்கியக் காரணம். ஆனாலும் இறங்கி வரும்போது அந்தத் தைவதம் தாழாமல் இருந்தால் பைரவி பைரவியாக இருக்காது.

இனி, எங்கே தவறு நேரும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தவறு சட்ஜத்தைத் தப்பாகப் பிடிப்பது. வெள்ளைக் கட்டைகளை மட்டுமே பயன்படுத்துகிற பாட்டு டியில் வந்து அமர்ந்தால் டோரியன், ஏயில் வந்து அமர்ந்தால் ஏயோலியன். கட்டைகள் அதேதான், வீடு வேறு. ஆகவே தைவதத்தைத் தேடுவதற்கு முன் பாட்டு எங்கே ஓய்வெடுக்கிறது என்று பாருங்கள். பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, இதை எந்த ஸ்வரத்தில் முடிக்க மனம் வருகிறது என்று முணுமுணுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சட்ஜம் அகப்பட்டுவிடும்.

இரண்டாவது தவறு, தைவதமே இல்லாத மெட்டில் அதைக் கேட்டதாக நினைப்பது. சுத்த தன்யாசிபோல ஸ-க-ம-ப-நி மட்டும் உள்ள மெட்டு இரண்டுக்கும் பொது. அங்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. காலியாக இருக்கிற இடத்தில் நமக்குப் பழகிய தைவதத்தை மனம் தானாகவே வைத்துவிடும், பிறகு அதைக் கேட்டேன் என்று சாதிக்கும். சிம்பொனிகளும் மேற்கத்திய மைனர் பாட்டுகளும் அதிகம் கேட்டவர்களுக்கு அந்த இடத்தில் சுத்த தைவதம்தான் தோன்றும்.

மூன்றாவது, நிஷாதத்தைப் பார்க்க மறந்துவிடுவது. தைவதம் உயர்ந்திருக்கிறது என்பதால் மட்டும் டோரியன் ஆகிவிடாது. நிஷாதமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அது கௌரிமனோகரியின் படிக்கட்டு. தைவதம் தாழ்ந்து நிஷாதம் மட்டும் உயர்ந்தால் கீரவாணி. மேளகர்த்தா வரிசையில் 20, 21, 22, 23 என்று நடபைரவி, கீரவாணி, கரஹரப்ரியா, கௌரிமனோகரி நான்கும் அடுத்தடுத்து நிற்பது இந்த இரண்டு ஸ்வரங்களின் சேர்க்கை மாறுவதால்தான். நமக்கு வேண்டிய இரண்டிலும் நிஷாதம் தாழ்ந்த கைசிகி நிஷாதம்.

நான்காவது, காகிதத்தை நம்புவது. பாக்கின் ஆர்கன் படைப்பு ஒன்றுக்கு, 538ஆம் எண் கொண்ட டொக்காட்டா, ஃபியூகுக்கு, "டோரியன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டி மைனருக்குத் தொடக்கத்தில் எழுத வேண்டிய ஒரு ஃபிளாட் அடையாளத்தை அவர் பழைய வழக்கப்படி எழுதாமல் விட்டதால் வந்த பெயர் அது. உள்ளே இருப்பது டி மைனர்தான். தேவையான இடங்களில் பி ஃபிளாட்டைத் தனித்தனியாகக் குறித்திருக்கிறார். பெயரைப் பார்த்து டோரியன் பழக அதை எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏயோலியன் சோகம், டோரியன் நம்பிக்கை என்று சில பாடப்புத்தகங்கள் பெட்டி கட்டித் தருகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரம்ஸும் வேகமும் சேர்ந்தால் ஏயோலியன் போர்ப்பாட்டாகும். மெதுவாகப் பாடினால் டோரியன் தாங்க முடியாத ஏக்கமாகும். உறுதியாகச் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: இரண்டையும் ஒரே வேகத்தில், ஒரே மெட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏயோலியன் கீழ்நோக்கி இழுக்கும், டோரியன் அந்த இழுப்பைத் தளர்த்தும். தனியாக ஒன்றை மட்டும் கேட்டு மனநிலைக்குப் பெயர் சூட்டினால் பெரும்பாலும் பாட்டின் வார்த்தைகளைத்தான் கேட்டிருப்போம்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: மகளிடம் வரிசைகளை முழுதாக வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். அவள் ப, த, ப மட்டும் வாசிக்கட்டும், ஒருமுறை வெள்ளை, ஒருமுறை கறுப்பு, வரிசை சொல்லாமல். எது எது என்று நீங்கள் சொல்லுங்கள். அது பிடிபட்ட பிறகு மெட்டுகளுக்குப் போகலாம்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்த் திரைப்பாடல்களில் இந்த இரண்டு தைவதங்களும் எங்கெங்கே வருகின்றன என்று வேண்டுமென்றே நான் எழுதவில்லை. அதை நீங்கள் எழுதுங்கள். பாடலின் பெயர், எந்த அடியில் தைவதம் வருகிறது, அது உயர்ந்ததா தாழ்ந்ததா, நிஷாதம் எது என்ற நான்கு விவரங்களோடு ஓர் அஞ்சலட்டை போதும். இரண்டு தைவதங்களும் ஒரே பாட்டில் வந்தால் அதை அவசியம் குறிப்பிடுங்கள். சரியாக இருப்பவற்றை ஸ்வரக் குறிப்போடு அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்